பொய் சொல்லும் ஸ்கேலும் சின்னதாகிப் போன துளையும்

பழைய ஃபவுண்டரிகளில் மரத்தில் பேட்டர்ன் செய்கிறவர்களிடம் ஒரு விசித்திரமான ஸ்கேல் இருக்கும். பார்க்க சாதாரண இரும்பு ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும். ஒரு அடி என்று போட்டிருக்கும், பன்னிரண்டு அங்குலக் கோடுகளும் இருக்கும். ஆனால் அதை நம்முடைய ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தால் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீளமாக நிற்கும். தெரிந்தே பொய் சொல்லும் ஸ்கேல் அது.

முப்பரிமாண அச்சில் நான் செய்த ஒரு தகடு டிராயிங்கோடு ஒத்துப்போகாமல் இரண்டு வாரம் என்னைப் படுத்தியது. அதற்குக் காரணம் தேடிப் போனபோதுதான் இந்த ஸ்கேலின் கதை கிடைத்தது. நூறு வருடத்துக்கு முன்னால் மரத்தச்சருக்குத் தெரிந்திருந்த ஒரு விஷயம், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டு, என் தகட்டுக்கு வருகிறேன்.

இரண்டு கணக்கு வைத்திருந்த தச்சர்

உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிறோம். அது உறைந்து ஆறும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்பு ஒரு அடிக்கு சுமார் 1/8 அங்குலம் சுருங்கும், அதாவது நூற்றுக்கு ஒன்று. பித்தளை 3/16, எஃகு 1/4. எனவே ஒரு அடி நீள வார்ப்பு வேண்டுமென்றால் மரப் பேட்டர்ன் ஒரு அடியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டால் தப்பு வரும். அதனால் கணக்கை ஸ்கேலுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இரும்புக்கு ஒரு ஸ்கேல், பித்தளைக்கு ஒன்று, எஃகுக்கு ஒன்று. தச்சர் டிராயிங்கில் உள்ள எண்ணை அப்படியே படித்து அந்த ஸ்கேலில் அளந்தால் போதும், பெருக்கல் தானாக நடந்துவிடும்.

ஆனால் தச்சர் அதோடு நிற்கவில்லை. வார்ப்பின் மேற்பரப்பு சொரசொரப்பாக வரும், அதை லேத்தில் கடைந்துதான் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைவதற்கு இரும்பு மிச்சம் இருக்க வேண்டும். எனவே வெளிப்பக்கங்களில் ஒரு எட்டில் ஒரு பங்கு அங்குலம் போல கூட்டி வைப்பார். துளைகளில் இதற்கு நேர் எதிர். 4 அங்குலத் துளை வேண்டுமென்றால் அதற்கான மணல் கோரை 3¾ அங்குலமாகச் செய்வார். துளை சின்னதாக வரும், பிறகு கடைந்து பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சுருக்கத்துக்கான திருத்தம் பெருக்கல். பொருள் எவ்வளவு நீளமோ அந்த விகிதத்தில் அதுவும் வளரும். கடைவதற்கான திருத்தம் கூட்டல். பெரும்பாலும் பொருளின் நீளத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று நிற்கும். அதோடு வெளியளவுக்குக் கூட்டினால் துளைக்குக் கழிக்கும். தச்சர் இந்த இரண்டையும் ஒருபோதும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. முதலாவது ஸ்கேலில் இருந்தது, இரண்டாவது அவர் கையால் டிராயிங்கில் சேர்த்தது.

லேசர் வந்த பிறகு

இப்போது 1980களுக்கு வருவோம். அமெரிக்காவில் சார்லஸ் ஹல் (சக் ஹல் என்றால் எல்லோருக்கும் தெரியும்) 1984ல் விண்ணப்பித்து 1986ல் பெற்ற காப்புரிமைதான் ஸ்டீரியோலித்தோகிராஃபி. ஒரு தொட்டியில் திரவ ரெசின். அதன் மேல் புற ஊதா லேசர் கோடு போடும். கோடு பட்ட இடம் கெட்டியாகும். ஒரு அடுக்கு முடிந்ததும் மேடை கீழே இறங்கும், அடுத்த அடுக்கு.

இதில் தச்சரின் இரண்டு பிரச்சினையும் உடனே வந்து நின்றன. ரெசின் கெட்டியாகும்போது சுருங்கும், இது பெருக்கல். லேசர் புள்ளிக்கு ஒரு அகலம் உண்டு, இது கூட்டல். டிராயிங்கில் உள்ள ஓரக் கோட்டின் மேலேயே லேசரின் நடுவை ஓட்டினால், கெட்டியான கோட்டின் பாதி அகலம் வெளியே பிதுங்கி நிற்கும். வெளியளவு இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பெரிதாகும், துளை அதே அளவு சின்னதாகும்.

எனவே அந்த இயந்திரங்களின் மென்பொருளில் இரண்டு தனித்தனி எண்கள் வைத்தார்கள். ஒன்று சுருக்கக் காரணி, முழு வடிவத்தையும் பெருக்குவது. மற்றது கற்றைத் திருத்தம், லேசர் பாதையைப் பாதி அகலம் உள்ளே தள்ளுவது. ஒரு சோதனைத் துண்டு செய்து, அளந்து, இரண்டு எண்ணையும் கண்டுபிடித்துப் போட வேண்டும். தச்சரின் ஸ்கேலும் அவர் கையால் சேர்த்த அளவும்தான் இங்கே இரண்டு எண்களாக மாறியிருக்கின்றன.

ஹல்லின் நிறுவனத்துக்காக 1987ல் உருவான எஸ்டிஎல் கோப்பு முறை மூன்றாவதாக ஒரு சின்னப் பிழையையும் சேர்த்தது. எஸ்டிஎல்லில் வளைவு என்ற ஒன்றே கிடையாது, எல்லாம் முக்கோணங்கள். ஒரு வட்டத் துளை அதில் பல பக்கங்கள் கொண்ட பலகோணமாகிவிடும். பலகோணத்தின் மூலைகள்தான் வட்டத்தின் மேல் இருக்கும், பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளே இருக்கும். 8 மி.மீ. துளையை 8 பக்கமாக எழுதினால் எதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 7.39 மி.மீ. தான் கிடைக்கும். 16 பக்கம் என்றால் 7.85. 32 பக்கம் என்றால் 7.96. 64 பக்கத்துக்குப் போனால் 7.99, அதற்கு மேல் கவலைப்படத் தேவையில்லை. துளை சின்னதாக வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், ஏனென்றால் இது அச்சடிக்கும் முன்பே நடந்துவிடுகிற தப்பு.

தன்னைத் தானே செய்துகொள்ளும் இயந்திரத்தின் தலைவலி

நம்மில் பலர் கல்லூரியில் பார்க்கும் வகை, அதாவது பிளாஸ்டிக் இழையை உருக்கி நாசில் வழியாகக் கோடு கோடாக இடும் வகை, ஸ்காட் கிரம்ப் 1989ல் விண்ணப்பித்து 1992ல் பெற்ற காப்புரிமையிலிருந்து வருகிறது. பல வருடம் இது விலை உயர்ந்த, மூடிய பெட்டியாக இருந்தது. உள்ளே என்ன திருத்தம் நடக்கிறது என்று வாங்கியவர் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

2005ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டம் அந்தப் பெட்டியைத் திறந்தது. தன்னுடைய பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சடித்துக்கொள்ளும் இயந்திரம், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அந்த பாகங்களுக்குள் 8 மி.மீ. இரும்புக் கம்பிகள் நுழைய வேண்டும், வெளிவிட்டம் 22 மி.மீ. உள்ள 608 பேரிங்குகள் உட்கார வேண்டும். துளை 0.3 மி.மீ. சின்னதாக வந்தால் கம்பி நுழையாது. துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் தப்பினால் கம்பிகள் இணையாக நிற்காது, வண்டி நடுவழியில் இறுகும். அலங்காரப் பொம்மை செய்கிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆனால் இங்கே தாய் இயந்திரம் போட்ட துளையில்தான் பிள்ளை இயந்திரத்தின் கம்பி உட்கார வேண்டும்.

துளைகள் எல்லாருக்கும் சின்னதாகவே வந்தன. ஏன்? நாசிலிலிருந்து வரும் உருகிய இழை, நாசிலுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே வருகிறது. நேர்க்கோட்டில் பிரச்சினை இல்லை. வளைவில், இழுக்கப்பட்ட கயிறு எப்படி மூலையை வெட்டிக் குறுக்கே போகுமோ அப்படி இழை உள்பக்கமாகச் சாயும். துளைக்கு உள்பக்கம் என்றால் துளையின் மையம். அதோடு கோடு ஆறிச் சுருங்கும்போதும் தன் நீளம் குறைந்து இன்னும் உள்ளே இறுகும். துளை எவ்வளவு சிறியதோ வளைவு அவ்வளவு கடுமை, எனவே பிழையும் பெரியது.

இதற்கு எல்லாரும் டிரில் பிட்டை எடுத்துக் குடைந்துகொண்டிருந்தபோது, நோப்ஹெட் என்ற பெயரில் எழுதிவந்த கிறிஸ் பால்மர் 2011ல் ஒரு எளிய யோசனை சொன்னார். வளைவுதான் பிரச்சினை என்றால் வளைவே வேண்டாம். துளையை வேண்டுமென்றே குறைந்த பக்கங்கள் கொண்ட பலகோணமாகப் போடுவோம். ஆனால் பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளே விழாமல், வட்டத்தை வெளியிலிருந்து தொடும்படி போடுவோம். நேர்ப் பக்கங்கள் சரியாக வரும், மூலைகள் கொஞ்சம் மழுங்கினாலும் அவை வட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன, கம்பியைத் தடுக்காது. பக்கங்களின் எண்ணிக்கை விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. ஓப்பன்ஸ்கேடில் அதன் சாரம் இவ்வளவுதான்:

```
d = 8;
n = max(round(2*d), 3);
cylinder(h=10, r=(d/2)/cos(180/n), $fn=n);
```

8 மி.மீ. துளைக்கு 16 பக்கம். மூலைக்கு மூலை 8.16, பக்கத்துக்குப் பக்கம் சரியாக 8.00. பாலிஹோல் என்று பெயர்.

அதே காலத்தில் வேறொரு பழக்கமும் பரவியது, இது அவ்வளவு நல்ல பழக்கமில்லை. 20 மி.மீ. கனசதுரம் ஒன்றை அச்சடிப்பது, காலிப்பரில் அளப்பது, 19.9 வந்தால் இயந்திரத்தின் மோட்டார் எண்ணிக்கையை, அதாவது ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்பதை, கொஞ்சம் ஏற்றிவிடுவது. இந்த எண் பெல்ட்டும் புல்லியும் முடிவு செய்வது. இன்று பரவலாக உள்ள 2 மி.மீ. பிட்ச் பெல்ட், 20 பல் புல்லி, சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் என்றால் 200 × 16 ÷ 40 = 80. வெறும் வகுத்தல்தான், கனசதுரத்தைக் கேட்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கின் சுருக்கத்துக்காக அதை மாற்றினால், பிளாஸ்டிக்கின் குறையை இயந்திரத்தின் மேல் போடுகிறோம். நாளை வேறு பிளாஸ்டிக் போட்டால் அந்தத் திருத்தமே பிழையாகிவிடும். எஃகுக்கான ஸ்கேலை வைத்துக்கொண்டு பித்தளைக்குப் பேட்டர்ன் செய்வது போல.

என் தகடு

இப்போது என் கதை. டிராயிங் மிக எளிது. 100 × 40 × 6 மி.மீ. தகடு. அதில் இரண்டு 8 மி.மீ. துளைகள், நடுவிலிருந்து நடுவுக்கு 80 மி.மீ. இரண்டு இரும்புக் கம்பிகள் அதில் நுழைந்து இணையாக நிற்க வேண்டும். மைய தூரத்துக்கு டாலரன்ஸ் ±0.1. துளை 8.0க்குக் குறையக்கூடாது, 8.1க்கு மேல் போகக்கூடாது. நீளம் ±0.2. பிளாஸ்டிக் ஏபிஎஸ்.

முறைப்படி முதலில் 20 மி.மீ. கனசதுரம் அச்சடித்தேன். காலிப்பர் காட்டியது 20.00. திரும்ப அளந்தேன், 20.00. வகுப்பில் எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். இயந்திரம் அப்பழுக்கில்லை என்று முடிவு கட்டிவிட்டுத் தகட்டை அச்சடித்தேன்.

தகட்டின் நீளம் 99.60. துளை 7.66. கம்பி நுழையவே இல்லை.

முதல் முட்டாள்தனம்: துளை 8 ஆக வேண்டும், 8 ÷ 7.66 = 1.044, ஆகவே முழுத் தகட்டையும் 104.4 சதவீதம் பெரிதாக்கினேன். துளை அழகாக 8.01 வந்தது. தகடு 104.02 மி.மீ. நீளம் ஆனது. துளைகளுக்கு நடுவே 83.13. ஒரு கம்பி நுழைந்தது, இன்னொரு கம்பிக்கு வழியே இல்லை. சிரிக்காதீர்கள், துளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தப்பு எளிதாக வரும்.

அப்புறம்தான் தச்சரின் இரண்டு கணக்கும் ஞாபகத்துக்கு வந்தது. என் அளவுகளில் பெருக்கலும் கூட்டலும் கலந்து கிடக்கின்றன. பிரிக்க வேண்டும். டிராயிங் அளவு வலப்பக்கம், அச்சில் வந்த அளவு இடப்பக்கம் என்று எழுதினால்:

```
L = s*L0 + a    (வெளியளவு)
D = s*D0 - b    (துளை)
C = s*C0        (மைய தூரம்)
```

s என்பது சுருக்கம். a என்பது ஓரக் கோடு வெளியே பிதுங்கியது. b என்பது துளை உள்ளே இறுகியது. மூன்றாவது வரியைப் பாருங்கள், அதில் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. துளை எவ்வளவு சின்னதானாலும் எல்லாப் பக்கமும் சமமாகத்தான் சின்னதாகிறது, அதன் மையம் நகர்வதில்லை. எனவே சுருக்கத்தை மட்டும் தனியாகக் காட்டுவது மைய தூரம் ஒன்றுதான்.

மையத்தில் காலிப்பரை வைக்க முடியாதே என்று தோன்றும். வைக்க வேண்டாம். இரண்டு துளைகளுக்கும் இடையே உள்ள சுவரை அளந்தேன், 71.94. பிறகு ஒரு துளையின் தூர ஓரத்திலிருந்து மற்றதன் தூர ஓரம் வரை அளந்தேன், 87.26. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மைய தூரம், 79.60. கழித்து இரண்டால் வகுத்தால் துளையின் விட்டம், 7.66.

இதில் ஒரு வசதியும் இருக்கிறது. வளைந்த சுவரில் காலிப்பரின் தட்டையான தாடை முழுசாக ஒட்டாது. அதனால் முதல் அளவு கொஞ்சம் கூடவும், இரண்டாவது அளவு அதே கொஞ்சம் குறையவும் காட்டும். கூட்டும்போது இந்தப் பிழை அடித்துப் போய்விடும், மைய தூரம் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் கழிக்கும்போது பிழை தங்கிவிடும், விட்டம் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் விட்டத்தை மட்டும் டிரில் பிட்டின் வழுவழுப்பான காம்பை நுழைத்துச் சரிபார்த்தேன். 7.6 தாராளமாகப் போனது, 7.7 போகவில்லை. 7.66ஐ நம்பலாம்.

இனி கணக்கு நேராகப் போகும். 79.60 ÷ 80 = 0.995. அதாவது சுருக்கம் நூற்றுக்கு அரை. இது எதிர்பார்க்கக்கூடிய எண்தான். ஏபிஎஸ் சுமார் 105 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் விறைக்கிறது. அங்கிருந்து அறை வெப்பத்துக்கு 80 டிகிரி இறக்கம், ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 90 பங்கு சுருக்கம். பெருக்கினால் நூற்றுக்கு 0.7 வருகிறது, நடைமுறையில் கொஞ்சம் குறையும். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே விறைத்துவிடுவதால் அதற்கு இறக்கம் குறைவு, சுருக்கமும் ஏபிஎஸ்ஸில் பாதிகூட வராது.

நீளத்துக்கு: 100 × 0.995 = 99.50. வந்தது 99.60. எனவே a = 0.10. துளைக்கு: 8 × 0.995 = 7.96. வந்தது 7.66. எனவே b = 0.30.

இப்போது அந்தப் பெருமைமிக்க கனசதுரத்தை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். 20 × 0.995 = 19.90. அதோடு 0.10 கூட்டினால் 20.00! இயந்திரம் அப்பழுக்கற்றதாக இருந்ததால் 20.00 வரவில்லை. இரண்டு பிழைகள் அந்த ஒரே ஒரு நீளத்தில் ஒன்றையொன்று ரத்து செய்துகொண்டன, அவ்வளவுதான். 10 மி.மீ.யில் அளந்திருந்தால் 10.05 வந்திருக்கும், 100 மி.மீ.யில் 99.60. ஒரே ஒரு நீளத்தை அளந்து இரண்டு தெரியாத எண்களைக் கண்டுபிடிக்க முடியாது என்பது பத்தாம் வகுப்பு சமன்பாட்டிலேயே இருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

மூன்று எண்ணையும் எங்கே போடுவது

இன்றைய ஸ்லைசர்களில் இதற்குத் தனித்தனி இடங்கள் உண்டு. ஆர்க்கா ஸ்லைசரில் இழைக்கான பக்கத்தில் `Shrinkage (XY)` என்று இருக்கும், அதில் 99.5%. அதாவது 100 கேட்டால் எவ்வளவு வருகிறது என்பதை அப்படியே சொல்கிறோம், பெருக்கலை அது பார்த்துக்கொள்ளும். பொய் சொல்லும் ஸ்கேலின் இன்றைய முகவரி இது. இழையின் பக்கத்தில் இருப்பதும் பொருத்தம், ஏனென்றால் சுருக்கம் இழையின் குணம். அந்த வசதி இல்லாத ஸ்லைசரில் எக்ஸ், ஒய் இரண்டையும் 1 ÷ 0.995, அதாவது 100.5% என்று பெரிதாக்கலாம்.

அடுத்து `X-Y contour compensation`, அதில் −0.05. மூன்றாவதாக `X-Y hole compensation`, அதில் 0.15. இந்த இரண்டும் ஒரு பக்கத்துக்கான அளவு, அதனால்தான் 0.10லும் 0.30லும் பாதி. 0.30 என்று போட்டால் துளை 8.30 ஆகிவிடும்.

குரா ஸ்லைசரில் இவற்றின் பெயர் `Horizontal Expansion`, `Hole Horizontal Expansion`. புருசா ஸ்லைசரில் உள்ள `XY Size Compensation` கொஞ்சம் வேறு. அது ஒரே எண்ணை வெளி ஓரத்துக்கும் துளைக்கும் சேர்த்துப் போடும். −0.05 கொடுத்தால் வெளியளவு 0.10 குறையும், துளை 0.10 பெரிதாகும். எனக்குத் துளையில் 0.30 வேண்டும், மீதி 0.20ஐ மாடலில் துளையை 8.2 என்று வரைந்துதான் சரிசெய்ய வேண்டும்.

திருத்திய பிறகு அச்சடித்த தகடு: நீளம் 100.02, மைய தூரம் 79.98, துளை 8.03. இரண்டு கம்பிகளும் கையால் தள்ளியதும் நுழைந்தன. கையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு கம்பிகளை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கணக்கு எங்கே நின்றுவிடும்

அதே தகட்டை இன்னும் மூன்று அச்சடித்தேன். நீளமும் மைய தூரமும் அசையவில்லை. துளை மட்டும் 7.98 முதல் 8.05 வரை ஆடியது. டிராயிங் 8.0க்குக் குறையக்கூடாது என்கிறது, ஒன்று தோற்றுவிட்டது. காரணம், ஒவ்வொரு அடுக்கிலும் துளையைச் சுற்றிவந்த கோடு முடிகிற இடத்தில் விழும் சின்னக் குமிழ். எண்ணை மாற்றி இந்த ஆட்டத்தைக் குறைக்க முடியாது, எண் சராசரியைத்தான் நகர்த்தும்.

அடுத்தது, b எல்லாத் துளைக்கும் ஒன்றல்ல. வளைவு கடுமையாக இருந்தால் b பெரிது என்று பார்த்தோம். 3 மி.மீ. திருகுத் துளைக்கும் 22 மி.மீ. பேரிங் துளைக்கும் தனித்தனியாக அளந்துதான் ஆக வேண்டும். ஸ்லைசரில் ஒரு எண்தான் போட முடியும் என்பதால், முக்கியமான துளைக்கான எண்ணை அங்கே போட்டு மற்றவற்றின் வித்தியாசத்தை மாடலில் வரைவதே நல்லது. படுக்கைவாட்டில் அச்சாகும் துளைக்கு இந்த எண் எதுவுமே பொருந்தாது. அங்கே மேல் வளைவு தாங்கலின்றித் தொங்கிவிடும். ரெப்ராப் பாகங்களில் அத்தகைய துளைகளைக் கண்ணீர்த்துளி வடிவில், மேலே கூராக வரைந்தது அதனால்தான்.

உயரத்துக்கும் அதே பெருக்கலைப் போடக்கூடாது. ஒவ்வொரு அடுக்கையும் இடும்போது நாசில் மேடையிலிருந்து கணக்கிட்ட உயரத்துக்கு வந்து நிற்கிறது. கீழே உள்ள அடுக்குகள் கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் புது அடுக்கு அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. அதனால் உயரத்தில் குறை பக்கவாட்டை விடக் குறைவாகவே தெரியும். அதைத் தனியாக அளக்க வேண்டும்.

சுருக்கம் பெரிதாக இருக்கும் இடத்தில் இந்த வேறுபாடு பயங்கரமாகத் தெரியும். உலோகத் தூளைப் பிளாஸ்டிக்கில் கலந்து இழையாக்கி, அச்சடித்து, பிறகு உலையில் பிளாஸ்டிக்கை நீக்கி உலோகத்தை மட்டும் இறுக்கும் முறை ஒன்று உண்டு. பிஏஎஸ்எஃப் நிறுவனம் கொண்டுவந்த 316எல் எஃகு இழைக்கு பக்கவாட்டில் சுமார் 120 சதவீதமும் உயரத்தில் சுமார் 126 சதவீதமும் பெரிதாக்கி அச்சடிக்கச் சொல்கிறார்கள். இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. ஒரு பொருள் 17 சதவீதம் சுருங்குகிறது என்றால் 17 சதவீதம் பெரிதாக்கினால் போதாது, 1 ÷ 0.83 = 1.205, அதாவது 20.5 சதவீதம் வேண்டும். ஏபிஎஸ்ஸின் அரை சதவீதத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எஃகில் 100 மி.மீ. பாகம் 97 மி.மீ. ஆக வந்து நிற்கும்.

கடைசியாக, அந்த ஆடும் துளைக்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மாடலில் துளையை 7.8 ஆக்கினேன். அதாவது வேண்டுமென்றே சின்னதாக. துளையைச் சுற்றி நான்கு சுவர்க் கோடுகள் வைத்தேன், குடையும்போது உள்ளே இருக்கும் வலைக்குள் போய்விடாமல் இருக்க. பிறகு 8 மி.மீ. ரீமரைக் கையால் மெதுவாகச் சுற்றி இறக்கினேன். மைய தூரம் ஏற்கெனவே சரியாக இருப்பதால் ரீமர் அந்தத் துளையையே பிடித்துக்கொண்டு நேராகப் போனது. நான்கு தகட்டிலும் 8 மி.மீ. கம்பி ஒரே மாதிரி நுழைந்தது.

மைய தூரத்துக்குப் பெருக்கல். துளைக்குக் கொஞ்சம் பொருளை மிச்சம் வைத்து, பிறகு கடைந்து எடுப்பது. அந்த ஃபவுண்டரி தச்சர் 3¾ அங்குலத்தில் கோர் செய்தபோது இதைத்தான் செய்தார்.